ரூப்ரிக்கைச் செக்லிஸ்டாக மாற்றுவது எப்படி? மலையூர் மாணவர்கள் கேட்ட கேள்விகள்

அக்கா, ரூப்ரிக்கைத்தான் கையில் கொடுத்துவிட்டார்களே. அதைப் பார்த்தே எழுதலாமே, தனியாக ஒரு செக்லிஸ்ட் எதற்கு?

ரூப்ரிக் திருத்துபவருக்காக எழுதப்பட்ட மதிப்பெண் அட்டவணை. எழுதி முடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இது எந்தக் கட்டத்தில் விழும் என்று பார்க்க அது உதவும். எழுதுகிற உங்களுக்கு வேண்டியது இன்னும் என்ன பாக்கி என்று காட்டும் தாள். இரண்டும் வேறு வேலைகள்.

சில ஆண்டுகள் கல்லூரியில் ரூப்ரிக் வைத்துத் திருத்தியவள் நான். இப்போது கோத்தகிரியில் மாலை நேரத்தில் மாணவர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய அசைன்மென்ட்டுகளைப் பார்க்கிறேன். விஷயம் தெரியாமல் மதிப்பெண் போவதைவிட, கேட்டதில் ஒன்றை விட்டுவிட்டதால் போவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நான் படிக்கும்போது எனக்கே அது நடந்தது. சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் முறையில் தனியார் தொழிற்சாலையையும் கூட்டுறவுத் தொழிற்சாலையையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னார்கள். முதல் மூன்று பக்கம் தனியார், அடுத்த மூன்று பக்கம் கூட்டுறவு என்று எழுதிக் கொடுத்தேன். எழுதியதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசிய ஒரு வாக்கியம்கூட இல்லை. ஒப்பீட்டுக்கான 15 மதிப்பெண்ணில் 6 வந்தது. ரூப்ரிக்கை நான் இரண்டு முறை படித்திருந்தேன். படித்ததெல்லாம் நினைவில் இருக்கும் என்று நம்பியதுதான் பிழை.

முதலில் எதை எடுப்பது? அசைன்மென்ட் தாளையா, ரூப்ரிக்கையா?

அசைன்மென்ட் தாளை. என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. எவ்வளவு நன்றாகச் செய்ய வேண்டும் என்பதை ரூப்ரிக் சொல்கிறது.

இங்கிருந்து கடைசி வரை ஒரே ஓர் உதாரணத்தை வைத்துப் பேசுகிறேன். பயிற்சிக்காக நானே எழுதி வைத்திருக்கும் அசைன்மென்ட் தாள் இது:

"உங்கள் பகுதியில் ஒரு சோலையையோ புல்வெளியையோ நேரில் சென்று பார்த்து, அங்கே ஓர் அயல் தாவரம் பரவியிருக்கும் விதத்தை விவரிக்கவும். அது பரவியதற்கான இரண்டு காரணங்களை ஒப்பிட்டு மதிப்பிடவும். 1500 சொற்கள், 10 சதவீதம் கூடலாம் குறையலாம். குறைந்தது 5 ஆதாரங்கள், அவற்றில் 2 ஆய்வுக் கட்டுரைகள். நீங்களே எடுத்த 2 புகைப்படங்களும் இடத்தைக் காட்டும் ஒரு வரைபடமும் இருக்க வேண்டும். ஏபிஏ முறையில் மேற்கோள். வெள்ளி மாலை 5 மணிக்குள் பிடிஎஃப் கோப்பாக ஏற்றவும்."

ஒரு பென்சிலை எடுத்து, கட்டுரைக்காகச் செய்ய வேண்டியதைச் சொல்லும் வினைச்சொற்களை மட்டும் முதலில் வட்டமிடுங்கள். 'சென்று பார்த்து', 'விவரிக்கவும்', 'ஒப்பிட்டு', 'மதிப்பிடவும்' என்று நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு தனி வேலை. 'ஒப்பிட்டு மதிப்பிடவும்' என்பதை ஒன்றாகப் படித்துவிடத் தோன்றும், ஆனால் ஒப்பிடுவது வேறு, மதிப்பிடுவது வேறு. இரண்டு காரணங்களும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று காட்டினால் ஒப்பிட்டாயிற்று. எது வலுவான காரணம் என்று முடிவு சொல்லி, அதற்கு நியாயமும் சொன்னால்தான் மதிப்பிட்டதாக ஆகும்.

அப்புறம் எண்களுக்கு அடிக்கோடு போடுங்கள்: ஒரு தாவரம், இரண்டு காரணங்கள், 1500, 10 சதவீதம், 5, 2, 2, 1, மாலை 5 மணி. கடைசியாக, அளவையோ இடத்தையோ கட்டுப்படுத்தும் சிறு சொற்களைப் பாருங்கள். 'நீங்களே எடுத்த' என்பது இரண்டே சொல். இணையத்திலிருந்து எடுத்த அழகான படம் இரண்டு வைத்தவருக்கு அந்த இரண்டு சொல்லால்தான் மதிப்பெண் போகும். 'குறைந்தது', 'அவற்றில்', 'உங்கள் பகுதியில்' எல்லாம் இதே வகை.

ரூப்ரிக்கில் 'ஆழமான பகுப்பாய்வு', 'தெளிவான வாதம்' என்றெல்லாம் இருக்கிறது. அதை எப்படி டிக் செய்வது?

அப்படியே எடுத்துப் பெட்டி போட்டால் டிக் செய்ய முடியாது. "என் பகுப்பாய்வு ஆழமானதா?" என்று தன்னையே கேட்டால் ராத்திரி 11 மணிக்கு எல்லாருக்கும் ஆமாம் என்றுதான் பதில் வரும். பெட்டியில் எழுதியிருப்பதை உங்கள் தாளில் விரலை வைத்துக் காட்ட முடிய வேண்டும். நான் வைத்திருக்கும் ஒரே விதி இதுதான். விரல் வைக்க இடம் இல்லையென்றால் அந்தப் பெட்டியை இன்னும் உடைக்க வேண்டும்.

எப்படி உடைப்பது? பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களைப் படித்து, மாறும் சொற்களை மட்டும் பிடியுங்கள். நம் உதாரணத்துக்கு ரூப்ரிக் மொத்தம் 40 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். கள விவரிப்புக்கு 10, பகுப்பாய்வுக்கு 15, ஆதாரப் பயன்பாட்டுக்கு 10, எழுத்துக்கும் அமைப்புக்கும் 5. பகுப்பாய்வு வரி இப்படி இருக்கிறது:

போதுமானது: "காரணங்களைக் குறிப்பிடுகிறார்."
நன்று: "இரண்டு காரணங்களையும் சான்றுகளுடன் விளக்குகிறார்."
மிகச் சிறப்பு: "இரண்டு காரணங்களையும் சான்றுகளுடன் ஆழமாக ஒப்பிட்டு, எது வலுவானது என்பதை மாற்றுக் கருத்தையும் கணக்கில் கொண்டு நியாயப்படுத்துகிறார்."

முதல் கட்டத்திலிருந்து இரண்டாவதற்குப் போகும்போது என்ன கூடியது? 'சான்றுகளுடன்', 'விளக்குகிறார்'. இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு? 'ஒப்பிட்டு', 'எது வலுவானது', 'மாற்றுக் கருத்து', 'நியாயப்படுத்துகிறார்'. இந்தச் சொற்கள்தான் உங்கள் பெட்டிகள். 'ஆழமாக' என்ற சொல்லை விட்டுவிடலாம், ஏனென்றால் அந்த ஆழம் என்ன என்பதைத்தான் மற்ற நான்கும் சொல்கின்றன.

இப்போது ஒரு மாணவி கோத்தகிரி அருகே ஒரு சோலையின் ஓரத்தில் சீகை மரத்தைப் பற்றி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் அது. தோல் பதனிடப் பட்டைக்காகவும் விறகுக்காகவும் நட்டார்கள். அவள் எடுத்த முதல் காரணம் மனிதர்கள் திட்டமிட்டு நட்டது. இரண்டாவது, சாலை வெட்டுவதும் தீயும் மண்ணைக் கிளறிவிட, மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் சீகை விதை முளைத்துக்கொள்வது. அவளுடைய பெட்டிகள் இப்படி ஆகும்:

'காரணம் 1க்குக் குறைந்தது ஒரு வெளிச்சான்றும் என் களக் குறிப்பிலிருந்து ஒன்றும் இருக்கிறது.' 'காரணம் 2க்கும் அப்படியே.' 'இரண்டு காரணங்களும் ஒரே பத்தியில் வரும் இடம் ஒன்றாவது இருக்கிறது.' 'எது வலுவானது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கிறேன்.' 'என் முடிவுக்கு எதிரான ஒரு கருத்தைச் சொல்லி, அதற்குப் பதிலும் சொல்லியிருக்கிறேன்.'

கடைசிப் பெட்டிக்கு அவள் என்ன எழுதலாம்? சீகை நிழலின் கீழ் சோலை மரக் கன்றுகள் முளைத்து வருவதையும் இந்த மலைகளில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே சீகை நிற்கும் இடமெல்லாம் சோலை அழிந்த இடம் என்று சொல்லிவிட முடியாது. இந்தக் கருத்தை எடுத்துப் பேசினாலே 'மாற்றுக் கருத்து' என்ற சொல்லுக்கு விரல் வைக்க ஓர் இடம் கிடைத்துவிடும். பெட்டி இல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பத்தி அவளுக்குத் தோன்றியே இருக்காது. செக்லிஸ்டைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளாமல் எழுதும் முன்பே போடச் சொல்வது இதற்காகத்தான்.

ரூப்ரிக் ஆங்கிலத்தில் இருக்கிறது. நாங்கள் தமிழில் எழுதுகிறோம். சொற்களை எப்படி மாற்றிக்கொள்வது?

அகராதியைப் பார்க்காமல், அந்தச் சொல் என்ன வேலை கேட்கிறது என்று பாருங்கள். 'டிஸ்கிரைப்' என்றால் எப்படி இருக்கிறது என்று சொல்வது. 'எக்ஸ்ப்ளெயின்' என்றால் ஏன் அப்படி இருக்கிறது என்பது. 'அனலைஸ்' என்றால் பிரித்துப் பார்த்து, பகுதிகளுக்குள் என்ன உறவு என்று காட்டுவது. 'இவாலுவேட்' என்றால் முடிவோடு நிறுத்தாமல், எந்த அளவுகோலில் அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்றும் சொல்வது. 'கிரிட்டிக்கலி' என்ற சொல்லைக் 'குறை சொல்லி' என்று புரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். சான்று எவ்வளவு தாங்கும் என்று சோதித்துப் பார்ப்பதுதான் அது. குறையும் வரலாம், வலுவும் வரலாம்.

'டிஸ்கஸ்' மட்டும் வழுக்கும் சொல். ஒரு ஆசிரியர் இரண்டு பக்க வாதத்தையும் எதிர்பார்ப்பார், இன்னொருவர் விரிவாக எழுதினால் போதும் என்பார். அதை ஆசிரியரிடமே கேட்டுவிடுங்கள்.

எத்தனை பெட்டிகள் இருக்கலாம்?

12 முதல் 15 வரை. ஒரு பக்கத்தில் அடங்கட்டும். 40 பெட்டி போட்டு வந்த ஒருவரைப் பார்த்தேன். 'தலைப்பு இருக்கிறதா', 'பெயர் எழுதினேனா' என்பதெல்லாம் பகுப்பாய்வுக்குச் சமமாக உட்கார்ந்திருந்தன. சின்ன விஷயங்களை 'சமர்ப்பிக்கும் வேலை' என்று ஒரே பெட்டியில் போட்டுக் கீழே வையுங்கள்.

1500 சொல்லை எப்படிப் பங்கு போடுவது? செக்லிஸ்டில் அது வருமா?

வரும், மதிப்பெண்ணை வைத்தே வரும். ஆதாரத்துக்கும் எழுத்துக்கும் உள்ள 15 மதிப்பெண் தாள் முழுக்கப் பரவியிருக்கும். அவற்றுக்குத் தனி இடம் கிடையாது. இடம் வேண்டியவை கள விவரிப்பும் (10) பகுப்பாய்வும் (15). முன்னுரைக்கும் முடிவுரைக்கும் சேர்த்து 250 சொல் ஒதுக்கினால் 1250 மிச்சம். அதை 10க்கு 15 என்று பிரித்தால் விவரிப்புக்கு 500, பகுப்பாய்வுக்கு 750.

வழக்கமாக நடப்பது இதற்கு நேர்மாறு. நேரில் போய்ப் பார்த்ததை எழுதுவது சுகமாக இருக்கும். மஞ்சு இறங்கியது, கற்பூர மரத்தின் வாசனை, அட்டை கடித்தது என்று 900 சொல் போய்விடும். பகுப்பாய்வு 300 சொல்லில் நெருக்கிப் பிடித்து உட்கார்ந்திருக்கும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பகுதியையும் தனியாகத் தேர்ந்தெடுத்துச் சொல் எண்ணிக்கை பாருங்கள். மொத்தம் 1350க்கும் 1650க்கும் நடுவே இருப்பது ஒரு பெட்டி, பகுப்பாய்வு விவரிப்பைவிடப் பெரிதாக இருப்பது இன்னொரு பெட்டி. ஆதாரப் பட்டியலும் படத்தின் கீழ் எழுதும் குறிப்பும் எண்ணிக்கையில் சேருமா என்பது ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும், ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அசைன்மென்ட் தாளில் ஒன்று, ரூப்ரிக்கில் வேறொன்று சொல்லியிருந்தால்?

அடிக்கடி நடக்கும். போன வருட ரூப்ரிக்கை எடுத்துப் புதுத் தாளோடு இணைத்துவிடுவார்கள். தாள் 5 ஆதாரம் கேட்கும், ரூப்ரிக்கில் மேல் கட்டம் "8 அல்லது அதற்கு மேற்பட்ட ஆதாரங்கள்" என்று சொல்லும். இது முரண்பாடு மாதிரித் தெரிந்தாலும் பெரும்பாலும் முரண்பாடு இல்லை: 5 என்பது தாளை ஏற்றுக்கொள்ளக் குறைந்தபட்சம், 8 என்பது முழு மதிப்பெண்ணுக்கு. இப்படி இருந்தால் பெட்டியில் பெரிய எண்ணைப் போடுங்கள்.

உண்மையான முரண்பாடு என்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற முடியாது. தாள் 'ஒரு தாவரம்' என்கிறது, ரூப்ரிக் 'பல தாவரங்களின் பரவல்' என்கிறது என்று வையுங்கள். அப்போது நீங்களாக ஊகிக்க வேண்டாம். "மேடம், தாளில் ஒரு தாவரம் என்று இருக்கிறது, ரூப்ரிக்கின் முதல் வரியில் பல தாவரங்கள் என்று இருக்கிறது. நான் சீகையை மட்டும் எடுத்து எழுதலாமா?" என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு இடத்தையும் சுட்டிக்காட்டி, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும்படி கேட்டால் பதில் சீக்கிரம் வரும். வந்த பதிலைச் செக்லிஸ்டின் மேலேயே எழுதி வையுங்கள்.

எல்லாப் பெட்டியையும் டிக் செய்துதான் கொடுத்தேன். ஆனாலும் 40க்கு 24தான் வந்தது. எங்கே தப்பு?

இதைக் கேட்டவரிடம் அந்தச் செக்லிஸ்டைக் கொண்டு வந்து காட்டச் சொன்னேன். எல்லாம் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், மேலிருந்து கீழே வரிசையாக டிக். அதைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. தாளைத் திறக்காமல் நினைவிலிருந்து டிக் செய்திருக்கிறார். எழுதியவருக்கு, எழுத நினைத்ததும் எழுதியதும் ஒன்றாகவே தெரியும்.

இதற்கு மருந்து, டிக் போடுவதை நிறுத்திவிட்டுப் பக்க எண்ணும் பத்தி எண்ணும் எழுதுவது. 'இரண்டு காரணங்களும் ஒரே பத்தியில்' என்ற பெட்டிக்கு எதிரே 'பக். 4, பத்தி 2' என்று எழுத வேண்டும். எழுத வேண்டுமானால் தாளைத் திறந்து தேடியே ஆக வேண்டும். அவரை அப்படிச் செய்யச் சொன்னேன். 14 பெட்டியில் 9க்குத்தான் எண் கிடைத்தது. மாற்றுக் கருத்து எங்குமே இல்லை. 'எது வலுவானது' என்ற பெட்டிக்கு அவர் காட்டிய வாக்கியம், "ஆக, இரண்டு காரணங்களும் முக்கியமானவை" என்பது. அது முடிவு சொல்வதைத் தள்ளிப்போட்ட வாக்கியம். ரூப்ரிக்கின் நடுக் கட்டத்தில் அவர் விழுந்தது இந்த இடத்தில்தான்.

இன்னொன்றையும் கவனித்தேன். மூன்று பெட்டிகளுக்கு எதிரே அவர் எழுதியது ஒரே பத்தி எண். ஒரு பத்தி மூன்று வேலையையும் செய்வது அபூர்வம். பெரும்பாலும் மூன்றையும் தொட்டுவிட்டு எதையும் முடிக்காமல் போயிருக்கும். ஒரே எண் இரண்டு தடவைக்கு மேல் வந்தால் அந்தப் பத்தியைத் திரும்பப் படியுங்கள்.

முடிந்தால், தாளையும் காலியான செக்லிஸ்டையும் ஒரு தோழியிடம் கொடுத்து எண் போடச் சொல்லுங்கள். பாடம் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. அவரால் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் திருத்துபவரும் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

அதே நேரம், செக்லிஸ்டால் முடியாததும் உண்டு. மாற்றுக் கருத்து இருக்கிறதா என்று அது காட்டும், நீங்கள் சொன்ன பதில் சரியா என்று காட்டாது. எல்லாப் பெட்டிக்கும் எண் கிடைத்தும் மதிப்பெண் குறைந்தால் கோளாறு பாடப் புரிதலில் இருக்கிறது. அப்போது புதுப் பெட்டி சேர்க்காதீர்கள், ஆசிரியரிடம் போய் அந்தப் பத்தியைக் காட்டிப் பேசுங்கள்.

முடித்த செக்லிஸ்ட் பார்க்க எப்படி இருக்கும்? ஒன்று காட்டுங்களேன்.

சீகை உதாரணத்துக்கு நான் போட்டது. கோட்டில் பக்க எண்ணும் பத்தி எண்ணும் வரும்.

முதல் வாரத்திலேயே முடிய வேண்டியவை:
☐ இடம் முடிவு, அனுமதி தேவையா என்று கேட்டாயிற்று
☐ நானே எடுத்த 2 படங்கள், தேதியோடு
☐ சாலை ஓரத்திலும் உள்ளேயும் 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடத்தில் சீகைக் கன்று எண்ணிக்கை
☐ 8 ஆதாரங்கள் கையில், அவற்றில் 2 ஆய்வுக் கட்டுரைகள்

எழுதியபின்:
☐ களத்தில் எண்ணியது விவரிப்பில் வருகிறது ____
☐ காரணம் 1: வெளிச்சான்று ____ களச்சான்று ____
☐ காரணம் 2: வெளிச்சான்று ____ களச்சான்று ____
☐ இரண்டும் ஒரே பத்தியில் ____
☐ எது வலுவானது, ஒரே வாக்கியத்தில் ____
☐ மாற்றுக் கருத்தும் பதிலும் ____
☐ பகுப்பாய்வு விவரிப்பைவிடப் பெரிது: ____ சொல், ____ சொல்
☐ உள்ளே சொன்ன ஒவ்வொரு ஆதாரமும் கடைசிப் பட்டியலில், பட்டியலில் உள்ளவை எல்லாம் உள்ளே
☐ வரைபடத்தையும் படங்களையும் கட்டுரைக்குள் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறேன் ____

சமர்ப்பிக்கும் வேலை:
☐ மொத்தம் 1350 முதல் 1650, பெயரும் பதிவெண்ணும், பிடிஎஃப் திறந்து பார்த்தாயிற்று

மேலே உள்ள நான்கைத் தனியாகப் பிரித்தது வேண்டுமென்றேதான். ஒரு வாக்கியம் குறைந்தால் கடைசி இரவிலும் எழுதிவிடலாம். படம் குறைந்தால் முடியாது. ஐப்பசியில் மழையும் மஞ்சும் பிடித்துக்கொண்டால் நாலைந்து நாள் பத்தடி தூரம் தெரியாது. லாங்வுட் சோலை மாதிரியான காப்புக்காட்டுக்குள் போக வேண்டுமென்றால் வனத்துறையிடம் அனுமதி வாங்கவும் நாள் ஆகும். வெளியே போய்ச் செய்ய வேண்டியது எது, அடுத்தவர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியது எது என்று பார்த்து அவற்றை மேலே ஏற்றுங்கள்.

எங்கள் சார் ரூப்ரிக்கே தரவில்லை. அசைன்மென்ட் தாள் மட்டும்தான்.

தாளில் மதிப்பெண் பிரிவு இருந்தால் அதுவே பாதி ரூப்ரிக். அதுவும் இல்லையென்றால், போன அசைன்மென்ட்டில் அவர் சிவப்பு மையில் எழுதிய குறிப்புகளை எடுங்கள். "சான்று?", "அதனால் என்ன?", "எங்கே படித்தாய்?" என்று ஓரத்தில் எழுதியிருப்பார். இரண்டு மூன்று நண்பர்களின் தாளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவது தெரியும். அந்தக் கேள்விகள்தான் உங்கள் பெட்டிகள்.

நாளை மாலை கடைசி நேரம். இப்போதுதான் செக்லிஸ்டைப் பற்றியே கேள்விப்படுகிறேன். எதைச் செய்வது?

முழுசாகப் போட நேரமில்லை, சரி. ரூப்ரிக்கில் அதிக மதிப்பெண் உள்ள ஒரே ஒரு வரியை எடுங்கள். மேல் இரண்டு கட்டங்களுக்கு இடையே மாறும் சொற்களை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள், மூன்று நான்குதான் வரும். உங்கள் கட்டுரையில் அவற்றின் இடத்தைத் தேடி எண் போடுங்கள். எண் கிடைக்காத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பத்தி எழுதுங்கள். இதற்கு இரண்டு மணி நேரம் போதும்.

அப்புறம் அசைன்மென்ட் தாளின் எண்களை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கோப்பை ஏற்றுவதை மட்டும் 5 மணி வரை வைத்துக்கொள்ளாதீர்கள். மழை நாளில் இங்கே மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போகும், படங்கள் உள்ள பிடிஎஃப் கனமாகவும் இருக்கும். மதியம் 2 மணிக்குள் ஏற்றிவிட்டு, ஏற்றிய கோப்பை அங்கிருந்தே திறந்து கடைசிப் பக்கம் வரை தெரிகிறதா என்று பாருங்கள்.